ஆத்தாவின் பிபி அளவுகள்: செயலி காட்டும் சராசரியை மருத்துவரிடம் அப்படியே கொடுக்கலாமா?

கோட்டையூர்_மகள்

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூரில் இருக்கும் என் ஆத்தாவுக்கு வயது 74. இரத்த அழுத்தத்துக்காகக் காலைப் பலகாரம் முடித்த பிறகு டெல்மிசார்டான் 40, ஆம்லோடிபின் 5 ஆகிய இரண்டு மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறார். நான் சென்னையில் இருக்கிறேன், தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். வளவு வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டுமே. தம்பி ஊருக்கு வந்தபோது புளூடூத் உள்ள ஓம்ரான் பிபி மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஆத்தாவின் கைபேசியில் OMRON connect செயலியையும் போட்டுவிட்டுப் போனான்.

செயலி கடந்த 30 நாள் சராசரியாக 128/74 என்று காட்டுகிறது. ஆனால் காரைக்குடியில் மருத்துவர் பார்த்தபோது 156/84 இருந்தது. அவர் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லவே, நான் கைபேசியிலிருந்த வரைபடத்தைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "இதில் எது காலை, எது மாலை, எது மாத்திரைக்கு முன்பு எடுத்தது?" என்று கேட்டார். எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் ஒழுங்காக எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லி, மாத்திரையை மாற்றாமல் அனுப்பிவிட்டார். இதற்கு வேறு செயலி மாற்ற வேண்டுமா? அளவுகளை அவரிடம் எந்த வடிவத்தில் கொடுப்பது?

பள்ளத்தூர்க்காரன்

உங்கள் ஆத்தாவுக்கு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். மருத்துவரைக் கண்டதும் ஏறுகிற பிபி பலருக்கும் உண்டு. நோட்டில் எழுதினால்தான் சந்தேகம்; 142 வந்தால் 140 என்று எழுதுவார்கள், பிடிக்காத எண்ணை எழுதாமலே விட்டுவிடுவார்கள். புளூடூத்தில் அந்த வேலை நடக்காது. மெஷின் எடுத்தது அப்படியே செயலிக்குப் போகிறது. ஆகவே 128/74தான் உண்மை, அதையே மருத்துவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். இடது கையில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், இதயம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

தேவகோட்டை_செவிலியர்_ஓய்வு

பள்ளத்தூர்த் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. கையால் எழுதும்போது எண்ணை முழுதாக்குவதும், கூடுதலாக வந்ததை விட்டுவிடுவதும் நடப்பதுதான். வார்டில் பணியாற்றிய காலத்தில் நோயாளிகள் கொண்டுவரும் நோட்டுகளில் எல்லா எண்களும் பூஜ்யத்தில் முடிவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் மட்டும் ஏறுகிற பிபியும் உண்மையில் இருக்கிறது. ஆனால் ஆத்தாவுக்கு அதுதான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். புளூடூத் எண்ணைத்தான் மாற்றாது. அந்த எண் யாருடையது, எந்த நிலையில் எடுத்தது என்பது அதற்குத் தெரியாது.

ஆச்சி, சில விவரங்கள் வேண்டும். அதே மெஷினில் அப்பச்சியும் பார்க்கிறாரா? ஆத்தா எங்கே, எப்படி உட்கார்ந்து எடுக்கிறார்? ஒரு நாளில் எத்தனை முறை, எந்தக் காரணத்துக்காக எடுக்கிறார்? கையில் சுற்றும் பட்டையில் சுற்றளவு சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும். ஆத்தாவின் மேற்கை அதற்குள் வருகிறதா?

கோட்டையூர்_மகள்

கைபேசியில் கேட்டு எழுதுகிறேன். அப்பச்சியும் அதே மெஷினில்தான் பார்த்துக்கொள்கிறாராம். மெஷினில் 1, 2 என்று ஆள் மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதை யாரும் தொட்டதில்லை. ஆத்தா இரண்டாம் கட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கிறார். இத்தனை முறை என்ற கணக்கு கிடையாது. கிறுகிறுப்பு வந்தால் எடுப்பார். அளவு கூடுதலாகக் காட்டினால் குறைகிற வரை திரும்பத் திரும்ப எடுப்பார். தம்பி தொலைபேசியில் "இன்று எவ்வளவு?" என்று கேட்டால் அதற்காக ஒருமுறை எடுப்பார். பட்டை அளவு சரியாகவே இருக்கிறது.

காரைக்குடி_கணினி

அப்படியானால் செயலியை மாற்றிப் பயனில்லை. அந்த மெஷின் இரண்டு பேருக்குத் தனித்தனி நினைவகம் வைத்திருக்கிறது. கைபேசியை இணைக்கும்போது எந்த எண் ஆளின் அளவுகள் வேண்டும் என்று செயலி கேட்கும். பொத்தான் 1லேயே இருந்தால் அப்பச்சியின் அளவும் ஆத்தாவின் பெயரில்தான் ஏறும். அப்பச்சிக்குப் பிபி குறைவாக இருக்குமானால் சராசரி தானாகவே இறங்கிவிடும்.

கலந்துபோனதைப் பிரிக்க வழி இருக்கிறது. செயலியிலிருந்து அளவுகளைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, நாடித்துடிப்பு இருக்கும் பத்தியைப் பாருங்கள். மனிதருக்கு மனிதர் நாடி மாறும். அப்பச்சி இதயத்துக்கு மாத்திரை ஏதேனும் சாப்பிட்டால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். கூடவே நேரத்தையும் பாருங்கள். சில மெஷின்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் தவறிவிடும். ஆத்தா உறங்குகிற நேரமான அதிகாலை 2 மணிக்கு அளவுகள் பதிவாகியிருந்தால் அதுதான் காரணம்.

இன்னொன்று, செயலி இருப்பிட அனுமதி கேட்கிறது என்று பலர் பயந்து மறுத்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 11 வரையிலான கைபேசிகளில் புளூடூத் கருவியைத் தேடுவதற்கே அந்த அனுமதி தேவைப்பட்டது. 12 முதல் அருகிலுள்ள கருவிகளுக்கென்று தனி அனுமதி வந்துவிட்டது. ஆத்தாவின் கைபேசி பழையதாக இருந்து, அனுமதி மறுத்திருந்தால், மெஷின் இணையவே இணையாது. ஆனால் பிபியை எண்ணால் குறித்துவைக்க மட்டும் உதவுகிற இலவசச் செயலி தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டால், அதற்கு எந்த நியாயமும் கிடையாது, அழித்துவிடுங்கள்.

திருப்பத்தூர்_வாசகர்

இவ்வளவு சிரமம் எதற்கு? கைபேசியின் கேமராவில் விரலை வைத்தால் பிபி காட்டும் செயலிகள் இருக்கின்றனவே. நான் அப்படித்தான் பார்க்கிறேன், எனக்கு எப்போதும் 120க்கு அருகில்தான் காட்டுகிறது. ஆத்தாவுக்கும் அதைப் போட்டுக் கொடுங்கள்.

தேவகோட்டை_செவிலியர்_ஓய்வு

திருப்பத்தூர் ஐயா, கோட்டையூர் ஆச்சி கேட்பது அளக்கிற செயலி பற்றி இல்லை. பட்டை வைத்த மெஷினில் அளந்ததைக் குறித்துவைக்கிற செயலி பற்றி. அது இருக்கட்டும், எப்போதும் 120க்கு அருகில் காட்டுகிறது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. அமெரிக்காவில் இப்படி விற்ற Instant Blood Pressure என்ற செயலியை 2016இல் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். உண்மையில் பிபி உயர்ந்திருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது சாதாரண அளவைக் காட்டியிருந்தது. அதே ஆண்டு அந்நாட்டு வணிக ஆணையமும் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. ஒருமுறையாவது மேற்கையில் பட்டை சுற்றும் மெஷினில் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் பார்த்த எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இனி ஆத்தாவின் விஷயம். தரையில் சம்மணமிட்டு, கையை மடியில் வைத்து எடுப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அளவைக் கெடுக்க அது ஒன்றே போதும். கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் எண் கூடும். 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மேசைமேல் கை வைத்து எடுத்ததைவிட மடியில் வைத்து எடுத்தபோது மேல் அளவு ஏறக்குறைய 4 கூடுதலாகவும், கையைத் தொங்கவிட்டபோது ஏறக்குறைய 6½ கூடுதலாகவும் வந்தது. முதுகுக்குச் சாய்மானம் இல்லாவிட்டாலும், கால் மேல் கால் போட்டாலும் எண் ஏறும். திண்ணையில் உட்கார்ந்து எடுத்தாலும் இதே கதைதான். முகப்பில் கிடக்கிற சாய்வு நாற்காலியும் வேண்டாம், அதில் படுக்கிற மாதிரிதான் உட்கார முடியும். சாப்பாட்டு மேசையும் நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியும் போதும். பாதம் தரையில் படிய வேண்டும்; எட்டாவிட்டால் மணைக்கட்டையைப் போட்டுக் கொடுங்கள். பட்டையின் நடுப்பகுதி மார்புக்கு நேராக வரும்படி, கைக்கு அடியில் தலையணையை மடித்து வையுங்கள்.

மருத்துவர் கேட்ட ஒரு வாரத்தை இப்படி எடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் பலகாரத்துக்கும் மாத்திரைக்கும் முன்பு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை எடுக்க வேண்டும். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு அதே போல இரண்டு முறை. ஏழு நாள், அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். முதல் நாளில் பழக்கமின்மையால் அளவுகள் கூடுதலாக வருவது வழக்கம் என்பதால், அந்த நாளை எழுதி வைத்துக்கொண்டு கணக்கில் மட்டும் விட்டுவிடுங்கள். மீதி ஆறு நாளின் சராசரிதான் மருத்துவருக்கு உதவும்.

கிறுகிறுப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விடக் கூடாது. மாலை அளவு எடுத்த பிறகு, ஆத்தா எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை எடுக்கட்டும். இரண்டு மூன்று நாள் எடுத்தால் போதும். அப்பச்சியோ வேலை செய்யும் அம்மாளோ பக்கத்தில் பிடித்துக்கொள்ள நிற்காமல் இதைச் செய்யவே வேண்டாம்.

கை பற்றித் தம்பி எழுதியதற்கும் பதில். இதயம் இருக்கும் பக்கம் என்பது காரணமாகாது. முதல் நாளில் இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்து, தொடர்ந்து எது கூடுதலாகக் காட்டுகிறதோ அந்தக் கையையே பிறகு எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். வேறுபாடு பெரிதாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புதுவயல்_ஆசிரியர்

என் வீட்டுக்காரிக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் தொல்லை இருக்கிறது. மெஷினில் இதயக் குறி மினுக்குகிறது. ஒரு நிமிட இடைவெளியில் எடுத்தால் 138 என்றும் 121 என்றும் காட்டுகிறது. செயலியில் எதைப் போடுவது என்று தெரியாமல் நான் இரண்டாவதை மட்டும் எழுதுகிறேன். இது கோட்டையூர் ஆச்சியின் கேள்வி இல்லை என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

தேவகோட்டை_செவிலியர்_ஓய்வு

துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் மாறுகிறது. மெஷின் எந்தத் துடிப்பைப் பிடித்ததோ அந்த எண் வரும். ஆகவே அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று முறை எடுத்து, மூன்றையும் எழுத வேண்டும். குறி மினுக்கியதையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுவது வேண்டாம். அவருடைய மருத்துவருக்கு அந்தக் குறி பற்றி ஏற்கெனவே தெரியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காரைக்குடி_கணினி

ஒரு பக்கத்தில் கொடுப்பதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் நேரம், மூன்றாவதில் மேல் அளவு, நான்காவதில் கீழ் அளவு, ஐந்தாவதில் நாடி, ஆறாவதில் குறிப்பு. நேரம் என்ற பத்தியில் மணியைப் போடாமல் காலை, மாலை, நின்று என்ற மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் போடுங்கள். நின்று எடுத்தது அப்போது சராசரிக்குள் நுழையாது; பெரும்பாலான செயலிகளில் இந்த வசதியைத்தான் நான் தேடிக் கிடைக்காமல் திரும்பினேன். முதல் நாளை விட்டு, காலை மேல் அளவின் சராசரி இப்படி வரும்:

```
=AVERAGEIFS(C2:C60,B2:B60,"காலை",A2:A60,">"&MIN(A2:A60))
```

மாலைக்கு அந்தச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். கீழ் அளவுக்கு C என்பதை D ஆக்குங்கள். கணக்கில் எத்தனை அளவுகள் சேர்ந்தன என்பதையும் அவசியம் சரிபாருங்கள்:

```
=COUNTIFS(B2:B60,"காலை",A2:A60,">"&MIN(A2:A60))
```

இது 12 என்று வர வேண்டும். ஆறு நாள், நாளுக்கு இரண்டு. 13 வந்தால், செயலியிலிருந்து எடுத்த தேதியோடு மணியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். முதல் நாள் முழுதும் போகாமல் முதல் அளவு மட்டும் போயிருக்கும். சராசரிக்குப் பதிலாக #DIV/0! என்று வந்தால், தேதி வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது; அப்படிப்பட்ட தேதி கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கோப்பின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தேதிகளை மறுபடி அடியுங்கள். அமெரிக்க அமைப்பில் விட்டுவைத்தால் 5/11 என்று நாம் அடிப்பதை மே 11 என்று அது எடுத்துக்கொள்ளும், பிழை என்றும் சொல்லாது.

பள்ளத்தூர்க்காரன்

எட்டு முழ வேட்டியில் கிழிந்த ஒரு மூலையைத் தைக்க ஜவுளி ஆலையே வைக்கிறீர்கள். வயதானவர்கள் வீட்டில் இதெல்லாம் நடக்குமா? நோட்டில் எழுதினால் போதாதா?

காரைக்குடி_கணினி

எழுதுவது ஆத்தா வீட்டில் நோட்டில்தான் அண்ணே. இதில் ஏற்றுவது சென்னையில் இருக்கும் மகள். நோட்டில் எழுதியதை மெஷினின் நினைவகத்தோடு ஒத்துப் பார்க்கலாம். நீங்கள் முதலில் சொன்ன சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும்.

கோட்டையூர்_மகள்

ஒரு வாரம் முடிந்தது. வார இறுதியில் ஊருக்குப் போய் நானும் கூட இருந்தேன்.

முதலில் பழைய அளவுகள். கணினித் தம்பி சொன்னது அப்படியே இருந்தது. அப்பச்சி இதயத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அவருடைய நாடி 60க்குக் கீழேயே இருக்கிறது. ஆத்தாவுக்கு 75க்குக் குறைவதில்லை. நாடியை வைத்துப் பிரித்தால் பட்டியல் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. ஆத்தாவின் சராசரி 143/78, அப்பச்சியின் சராசரி 113/70. இரண்டும் கலந்துதான் எங்களுக்கு 128/74 என்று காட்டியிருக்கிறது. இப்போது அப்பச்சியின் கைபேசியை 2ஆம் எண்ணோடு இணைத்துவிட்டோம். மெஷின் பெட்டி மேல் "ஆத்தா 1, அப்பச்சி 2" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புதிய வாரத்தின் மேல் அளவுகளை மட்டும் எழுதுகிறேன். முதல் நாள் காலை 164, 156. மாலை 142, 138. அதற்குப் பிறகு காலையில் 144க்கும் 154க்கும் இடையிலும், மாலையில் 122க்கும் 132க்கும் இடையிலும் இருந்தன. முதல் நாளை விட்டால் காலைச் சராசரி 149/82, மாலைச் சராசரி 127/72. எண்ணிக்கை இரண்டிலும் 12 என்று வந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் மேல் அளவு 138.

நின்று எடுத்தது இரண்டு நாள். ஒரு நாள் உட்கார்ந்து 126, நின்ற முதல் நிமிடத்தில் 104, மூன்றாவது நிமிடத்தில் 110. அன்று கண் இருட்டுவதாக ஆத்தா சொன்னார். மறுநாள் 128லிருந்து 112, பிறகு 116. அன்று ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. ஐந்தரை மணிக்குக் காபி குடிக்காமல் ஆத்தாவால் இருக்க முடியாது. காலை அளவுகள் ஆறு மணிக்கு எடுத்தவை.

பள்ளத்தூர்க்காரன்

138 என்றால் எல்லைக்குச் சற்று மேலே, அவ்வளவுதானே. நான் சொன்னதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

தேவகோட்டை_செவிலியர்_ஓய்வு

அந்த 138 ஆத்தாவுக்கு எந்த நேரத்திலும் இல்லாத எண், தம்பி. வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. மருத்துவமனையின் 140/90க்கு இணையானது. அமெரிக்கர்கள் 130/80 என்று இன்னும் கீழே வைக்கிறார்கள். வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் தனி எல்லை வைப்பதும் உண்டு. ஆத்தாவின் காலை அளவு அந்த எல்லைக்கு நன்றாக மேலே இருக்கிறது, மாலை அளவு கீழே இருக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் மருத்துவர் "சற்றுக் கூட்டுவோம்" என்பார். அப்படிக் கூட்டினால் ஏற்கெனவே சரியாக இருக்கிற மாலை அளவு இன்னும் இறங்கும். எழுந்து நின்றதும் 22 இறங்குகிற ஒருவருக்கு அது நல்லதில்லை. மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கினால், அதை மருத்துவர்கள் தனியாகக் கவனிப்பார்கள். இரவில் எழுந்து வாசற்படி தாண்டிப் பின்கட்டுக்குப் போகிற வீடுகளில் இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான்.

காலை அளவு ஏன் கூடுகிறது என்று இப்போது சொல்ல முடியாது. காபி குடித்து அரை மணி நேரம்கூட விடாமல் எடுத்திருந்தால் அதுவும் எண்ணை ஏற்றியிருக்கலாம். மாத்திரையின் பலம் அடுத்த நாள் காலைவரை நிற்கவில்லை என்றும் நினைக்கலாம். ஆனால் இந்த இரண்டு மாத்திரைகளும் நீண்ட நேரம் வேலை செய்பவை. ஏதாவது நாளில் மாத்திரை விட்டுப்போனதா என்று அட்டையை எண்ணிப் பாருங்கள். எதையும் நீங்களே மாற்ற வேண்டாம். காபியைப் பற்றிய உண்மையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை எழுந்தவுடன் எடுத்துவிட்டுக் காபி கொடுத்தால் போகிறது.

மருத்துவரிடம் ஒரே தாள் போதும். மேலே பெயர், வயது, மாத்திரைகள், அவற்றைச் சாப்பிடும் நேரம். அடுத்து காலைச் சராசரி, மாலைச் சராசரி, நின்று எடுத்தவை, கண் இருட்டிய நாள். அதன் கீழே ஏழு நாள் பட்டியல். மெஷினின் மாடல் எண்ணையும் எழுதுங்கள். அது சோதனை முடிந்த கருவிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று stridebp.org தளத்தில் நீங்களும் பார்க்கலாம். முதல் முறை போகும்போது மெஷினையே கொண்டுபோய், மருத்துவரின் கருவியோடு அடுத்தடுத்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிங்கை_கானாடுகாத்தான்

என் அப்பத்தாவுக்கும் இதே ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆனால் ஒரு படி மேலே. அளவுகள் இங்கே என் கைபேசிக்கு உடனுக்குடன் வந்துவிடும், 150 தாண்டினால் படம் பிடித்து மருத்துவருக்கு வாட்சப்பில் அனுப்பிவிடுவேன். இந்தியாவில் 2020இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளிலேயே வாட்சப் போன்றவற்றை மருத்துவர் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. தாள் எதற்கு?

தேவகோட்டை_செவிலியர்_ஓய்வு

நெறிமுறை அனுமதிக்கிறது, உண்மைதான். அதை ஏற்பதும் மறுப்பதும் மருத்துவரின் விருப்பம் என்பதையும் அதே நெறிமுறை சொல்கிறது. தனியாக வருகிற ஒரு 152ஐ வைத்து அவர் என்ன செய்ய முடியும்? கண்ணால் பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரலைக் காட்டுவார். நீங்கள் அதை "பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்வீர்கள்.

அவசரத்துக்கு வாட்சப்பை நம்பவே கூடாது. மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 120ஐயோ தாண்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் மறுபடி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் இந்த அறிகுறிகளுக்கு 108தான்.

சிங்கை_கானாடுகாத்தான்

சரி. ஆனால் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த எண் வருவது ஒரு நிம்மதி. அதையும் நிறுத்தச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

கோட்டையூர்_மகள்

என் ஆத்தா தம்பியின் அழைப்புக்காகவே எடுத்துப் பார்த்தார். கூடுதலாக வந்தால் அவன் கவலைப்படுவான் என்று குறைகிற வரை எடுத்தார். உங்கள் அப்பத்தா எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் நான் தம்பியிடம் சொல்லி, தினமும் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

மருத்துவரிடம் போய் வந்தோம். தாளைப் பார்த்ததும் முதலில் நின்று எடுத்த எண்களைத்தான் கேட்டார். மெஷினைத் தம் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பெரிய வேறுபாடு இல்லை. ஆத்தாவைப் படுக்க வைத்து, நிற்க வைத்து அவரே ஒருமுறை எடுத்தார். மாத்திரையின் அளவைக் கூட்டவில்லை. இரண்டில் ஒன்றைச் சாப்பிடும் நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். இரத்தத்தில் உப்புச்சத்துகளும் சிறுநீரகத்துக்கான சோதனையும் எழுதிக் கொடுத்தார். வற்றலும் அப்பளமும் ஊறுகாயும் தினம் உண்டா என்று கேட்டார். ஆத்தா என்னைப் பார்த்தார், நான் பதில் சொல்லவில்லை. நான்கு வாரம் கழித்து, காபிக்கு முன்பு எடுத்த அளவுகளோடு இன்னொரு வாரத் தாள் கேட்டிருக்கிறார்.

செவிலியர் ஆச்சிக்கு ஒரு கேள்வி: இடையில் இருக்கும் இந்த நான்கு வாரமும் தினமும் எடுக்க வேண்டுமா? மாத்திரை நேரம் மாறியிருப்பதால் ஆத்தாவுக்குப் பயமாக இருக்கிறதாம்.

தேவகோட்டை_செவிலியர்_ஓய்வு

மருத்துவர் தனியாகச் சொல்லாதவரை தினமும் வேண்டாம் ஆச்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அதே நாற்காலியில், அதே முறையில் எடுக்கட்டும். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும், அளவு எங்காவது தாறுமாறாகப் போனால் தெரிந்துகொள்ளவும் அது போதும். கிறுகிறுப்பு வந்தால் முதலில் உட்கார வேண்டும், பிறகுதான் மெஷின். அந்த அளவை "கிறுகிறுப்பு" என்ற குறிப்போடு தனியாக எழுதுங்கள், வாரக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நேரம் மாற்றிய பிறகு இரவில் எழுந்திருக்கும்போது கண் இருட்டினால், நான்கு வாரம் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி_கணினி

இரண்டாவது வாரத்தை அதே ஷீட்டில் கீழே தொடராமல் புதுப் பக்கத்தில் போடுங்கள் ஆச்சி. கீழேயே தொடர்ந்தால், முதல் நாளைக் கழிக்கிற கணக்கு பழைய வாரத்தின் முதல் நாளையே கழித்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கை 26 என்று வரும்போதுதான் தெரியும்.